பச்சை காட்டிய மெர்ஜ், உடைந்த மெயின்: 38 நிமிட நிகழ்வு ஆய்வு

சேலத்தில் கொலுசுப் பட்டறைகளுக்கான கணக்கு மென்பொருள் எழுதும் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை விளக்கத்துக்காக எடுத்துக்கொள்வோம். பட்டறைக்குக் கொடுத்த வெள்ளி எவ்வளவு, கொலுசாகத் திரும்பி வந்தது எவ்வளவு, அதில் சுத்த வெள்ளி நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும் டச் என்ன, சேதாரம் எவ்வளவு என்பதை அந்த மென்பொருள் பதிந்து வைக்கிறது. ஜாங்கோவில் எழுதப்பட்டது, குறிமுறை கிட்ஹப்பில் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்று சோதனைச் சர்வரில் தன் சொந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவருகிறது. ஒரு வியாழக்கிழமை பிற்பகல் 3:40-க்கு மெர்ஜ் ஆன புல் ரிக்வெஸ்ட் #212, `main` பிராஞ்சை உடைத்தது. 4:18-க்கு அது ரிவர்ட் செய்யப்பட்டது.

#212 செய்த வேலை நல்ல வேலை. கிராமைத் தசம எண்ணாக வைத்துக் கணக்குப் போட்டால் பல வரவுகளைக் கூட்டும்போது கடைசி இலக்கத்தில் பிசகு வரும். அதனால் எடை முழுவதையும் மில்லிகிராம் முழு எண்ணாக மாற்றினார்கள். `fine_weight` என்ற பழைய ஃபங்ஷன் போய் `fine_weight_mg` வந்தது. கூடவே `0031` என்ற மைக்ரேஷன், டேட்டாபேஸில் `weight` நெடுவரிசையில் இருந்த ஒவ்வொரு எடையையும் ஆயிரத்தால் பெருக்கியது.

அதே வாரத்தில் #215 வரவு ரசீது அச்சிடும் திரையைச் சேர்த்தது. அந்தத் திரை பழைய `fine_weight`-ஐக் கூப்பிட்டது. #215 எழுதப்பட்டபோது அந்த ஃபங்ஷன் இருந்தது. ஆகவே அதிலும் பிழை இல்லை. வியாழன் 3:10-க்கு #215 மெர்ஜ் ஆனது, அரைமணி நேரம் கழித்து #212. இரண்டும் வெவ்வேறு கோப்புகளைத் தொட்டதால் கிட் எந்த முரணும் காட்டவில்லை. இரண்டின் டெஸ்ட்களும் பச்சை. இரண்டும் சேர்ந்த `main` மட்டும் சிவப்பு:

```
AttributeError: module 'ledger.weights' has no attribute 'fine_weight'
```

தனித்தனியே பச்சையாக இருந்தவை சேர்ந்ததும் எப்படி உடைகின்றன? புல் ரிக்வெஸ்ட்டில் டெஸ்ட் ஓடும்போது, அந்த பிராஞ்சும் அந்த நேரத்து `main`-உம் சேர்ந்தால் என்ன வருமோ அதன்மீதுதான் கிட்ஹப் ஓட்டுகிறது. ஆனால் அதற்குப் பிறகு `main` நகர்ந்தால் டெஸ்ட் தானாக மறுபடி ஓடாது. #212-இன் பச்சை செவ்வாய்க்கிழமை வாங்கியது. வியாழக்கிழமை மெர்ஜ் பொத்தானை அழுத்தியபோது திரையில் இருந்தது இரண்டு நாள் பழைய பச்சை. இந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் எழுதும் அறிக்கையின் மையம்.

ஒரு வரித் திருத்தம் ஏன் கூடாது

3:48-க்கு `main`-இன் டெஸ்ட் சிவப்பானதும் குழுவில் முதலில் எழுந்த யோசனை எல்லாருக்கும் வரக்கூடியதுதான்: ரசீதுத் திரையில் `fine_weight` என்று இருப்பதை `fine_weight_mg` என்று மாற்றிவிட்டால் ஆயிற்று, இரண்டே நிமிட வேலை.

அப்படி மாற்றியிருந்தால் டெஸ்ட் பச்சையாகியிருக்கும். கணக்கு தப்பாகியிருக்கும். ரசீதுத் திரை எடையைக் கிராமில் வாங்குகிறது. 70 டச்சில் 500 கிராம் வரவு என்றால் சுத்த வெள்ளி 350 கிராம் வர வேண்டும். புதிய ஃபங்ஷனுக்கு அதே 500-ஐக் கொடுத்தால் அது 500 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டு 350 மில்லிகிராம் என்று விடை சொல்லும். அரைக் கிராமுக்கும் குறைவு. ரசீதுத் திரையின் டெஸ்ட் பக்கம் திறக்கிறதா என்று மட்டுமே பார்த்தது, எண்ணைப் பார்க்கவில்லை. ஆகவே உரக்கக் கத்திக்கொண்டிருந்த பிழை ஊமைப் பிழையாக மாறிப் பட்டறையின் ரசீதில் உட்கார்ந்திருக்கும்.

உடைந்த `main`-ஐ வைத்துக்கொண்டு புதிதாக எதையும் எழுதக் கூடாது என்று சொல்வதற்கு இதுவே காரணம். அவசரத்தில் எழுதும் திருத்தத்தை யாரும் ஒழுங்காக ரிவ்யூ செய்வதில்லை. ரிவர்ட்டோ ஏற்கெனவே பச்சையாக இருந்த நிலைக்குத் திரும்புகிறது. அதில் புதுச் சிந்தனை எதுவும் தேவையில்லை. உடைப்பு எதனால் என்று முழுதாகப் புரியாமல் இருக்கும்போதும் ரிவர்ட் செய்யலாம் என்பது அதன் பெரிய வசதி.

எதை ரிவர்ட் செய்வது? #215-ஐ எடுத்தாலும் சிவப்பு போய்விடும். ஆனால் கடைசியாகப் பச்சையாக இருந்த `main` #215-ஐ உள்ளடக்கியது. அதற்கு மேல் வந்தது #212 மட்டும். கடைசியாகச் சேர்ந்ததை எடுப்பது என்று விதி வைத்துக்கொண்டால் யாருடைய வேலை முக்கியம் என்ற வாக்குவாதம் எழாது.

#212-ஐ எழுதியவர் 3:45-க்கு ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறும்போது போனை எடுத்துப் பேசச் சொல்வது நியாயமில்லை. எழுதியவர் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. குழுவின் இளையவர் 3:52-க்குப் போட்ட செய்தி போதுமானது:

> மெயின் உடைஞ்சிருக்கு, அடுத்த செய்தி வர்ற வரைக்கும் யாரும் எதையும் மெர்ஜ் பண்ணாதீங்க. அண்ணா, உங்க 212-ஐ ரிவர்ட் பண்றேன். வேலையில குறை இல்ல, 215-ஓட சேர்ந்ததும் இடிக்குது. பிராஞ்சை அழிக்கல. மேல போய்ச் சேர்ந்ததும் பாருங்க.

மெர்ஜை நிறுத்தச் சொன்ன முதல் வாக்கியத்தைத் தவிர்க்கவே கூடாது. சிவப்பு `main` மீது இன்னும் இரண்டு மெர்ஜ் ஏறிவிட்டால் எது எதனால் உடைந்தது என்று பிரிப்பது கடினம். ரிவர்ட்டிலும் முரண் வரத் தொடங்கும்.

ரிவர்ட், கட்டளை கட்டளையாக

முதலில் `main`-இன் முதுகெலும்பை மட்டும் பார்க்க வேண்டும். `--first-parent` போடாவிட்டால் பிராஞ்சுகளின் உள் கமிட்களும் கலந்து வந்து குழப்பும்.

```
git fetch origin
git log --first-parent --oneline -5 origin/main
git log -1 --format=%p 9c41e7a
```

மூன்றாவது கட்டளை, அந்தக் கமிட்டுக்குப் பெற்றோர் எத்தனை என்று காட்டும். இரண்டு எண்கள் வந்தால் அது மெர்ஜ் கமிட். முதல் எண் மெர்ஜுக்கு முந்தைய `main`, இரண்டாவது பிராஞ்சின் நுனி. ஒரே எண் வந்தால் ஸ்குவாஷ் மெர்ஜ் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு `-m` இல்லாமல் வெறும் `git revert` போதும். ரீபேஸ் முறையில் மெர்ஜ் செய்யும் குழுக்களில் ஒரு புல் ரிக்வெஸ்ட் பல தனிக் கமிட்களாகக் கிடக்கும். அங்கே கடைசிக் கமிட்டை மட்டும் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பது அடிக்கடி நடக்கிறது. வரிசை முழுவதையும் எடுக்க வேண்டும்.

இந்தக் குழுவில் மெர்ஜ் கமிட். `-m` இல்லாமல் முயன்றால் `is a merge but no -m option was given` என்று கிட் நின்றுவிடும். எந்தப் பெற்றோரை அடிப்படையாக வைத்துத் திரும்புவது என்று அதற்குத் தெரியாததே காரணம். முதல் பெற்றோரை, அதாவது பழைய `main`-ஐச் சொல்கிறோம்:

```
git switch -c revert-212 origin/main
git revert -m 1 9c41e7a
git diff 9c41e7a^1 HEAD
```

மூன்றாவது வரியைப் பலர் போடுவதில்லை, போட வேண்டும். #212-க்குப் பிறகு வேறு எதுவும் மெர்ஜ் ஆகவில்லை என்றால் அது ஒன்றுமே அச்சிடக் கூடாது. ஒரு வரி வந்தாலும் ரிவர்ட் முழுமையாக இல்லை என்று பொருள். தவறிப்போய் `-m 2` கொடுத்தவர்களும் இங்கே பிடிபடுவார்கள்: அப்போது நீங்கியிருப்பது #212 அல்ல, #212 பிரிந்த பிறகு `main`-இல் சேர்ந்த மற்றவர்களின் வேலை.

கமிட் செய்தியில் எந்தக் கமிட் திரும்பியது என்பதைக் கிட் தானே எழுதிக்கொள்ளும். காரணத்தை எழுதாது. அதற்கு இரண்டு வரி கையால் சேர்க்க வேண்டும்: எந்தப் பிழை, எந்தப் புல் ரிக்வெஸ்ட்டோடு மோதல். ஆறு மாதம் கழித்து `git blame` பார்ப்பவருக்குக் கிடைப்பது அந்த இரண்டு வரிதான்.

`git reset --hard` போட்டு `main`-ஐப் பின்னால் இழுத்து வலுக்கட்டாயமாகத் தள்ளுவது சுருக்கமான வழியாகத் தோன்றும். ஆனால் 3:40-க்குப் பிறகு யாராவது `main`-ஐ இறக்கியிருந்தால், அவர் அடுத்த முறை தள்ளும்போது நீக்கிய கமிட் சத்தமில்லாமல் திரும்பி வரும். பகிர்ந்த பிராஞ்சில் வரலாற்றை வெட்டாமல் மேலே ஒரு கமிட்டாக ஏற்றுவதே சரி.

ரிவர்ட் தொடாத இடம்

இந்த நிகழ்வில் ஆபத்து அதிகமாக இருந்தது குறிமுறையில் அல்ல, டேட்டாபேஸில். சோதனைச் சர்வருக்கு அனுப்பும் வேலை, டெஸ்ட் முடியக் காத்திராமல் `main` நகர்ந்ததுமே தனியாக ஓடும்படி அமைந்திருந்தது. 3:44-க்கே மைக்ரேஷன் `0031` சர்வரில் ஓடி முடிந்துவிட்டது. டெஸ்ட் சிவப்பானது அதற்கு நான்கு நிமிடம் கழித்து.

கிட் ரிவர்ட் `0031` கோப்பை நீக்கும். டேட்டாபேஸில் பெருக்கிய எண்களைத் திரும்ப வகுக்காது. கோப்பு போன பிறகு ஜாங்கோவும் பிழை எதுவும் சொல்லாது. ஓட்ட வேண்டிய மைக்ரேஷன் இல்லை என்று பேசாமல் இருந்துவிடும். பழைய குறிமுறையோ அந்த எண்களைக் கிராம் என்று படிக்கும். 500 கிராம் கொலுசு 500 கிலோவாகத் திரையில் நிற்கும்.

ஆகவே வரிசை முக்கியம். மைக்ரேஷன் கோப்பு சர்வரில் இருக்கும்போதே அதைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். பிறகுதான் ரிவர்ட் அங்கே போய்ச் சேர வேண்டும். 4:06-க்குச் சர்வரை நிறுத்தினார்கள். நிறுத்தாமல் செய்தால், எண்கள் கிராமுக்குத் திரும்பிய பிறகும் மில்லிகிராம் குறிமுறை சில நிமிடம் எழுதிக்கொண்டிருக்கும். அந்த வரிசைகளைப் பிறகு பிரித்தெடுக்க வழி இருக்காது. நிறுத்தியதும் டேட்டாபேஸை ஒரு நகல் எடுத்துவிட்டு:

```
python manage.py migrate ledger 0030
```

இது வேலை செய்ததற்குக் காரணம், #212-ஐ எழுதியவர் மைக்ரேஷனில் திரும்பும் ஃபங்ஷனையும் எழுதி வைத்திருந்தார். `RunPython`-க்கு `reverse_code` கொடுக்காமல் விட்டிருந்தால் ஜாங்கோ `IrreversibleError` என்று நின்றிருக்கும். கையால் எஸ்கியூஎல் எழுத வேண்டி வந்திருக்கும். ரிவர்ட் ஏற்கெனவே சர்வருக்குப் போய்விட்ட பிறகு, எண்கள் பெருக்கியபடியே இருப்பதைக் கண்டுபிடித்தால், சர்வரில் `9c41e7a`-ஐத் தற்காலிகமாக எடுத்து, அதிலிருந்து பின்னோக்கி ஓட்டிவிட்டு மறுபடி `main`-க்கு வரலாம்.

4:12-க்கு எடைகள் கிராமுக்குத் திரும்பின. பட்டறையின் கைக்கணக்கில் இருந்த மூன்று வரவுகளை டேட்டாபேஸில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 4:08-க்குத் திறந்த ரிவர்ட் புல் ரிக்வெஸ்ட்டின் டெஸ்ட் 4:16-க்குப் பச்சையானது. 4:18-க்கு மெர்ஜ், 4:22-க்குச் சர்வர் எழுந்தது, 4:26-க்கு `main`-இன் சொந்த டெஸ்ட்டும் பச்சை. அதன் பிறகே தடையை நீக்கிய செய்தி போனது.

திரும்ப ஏற்றும்போது விழும் குழி

#212-இன் வேலை தேவையானது, அது திரும்ப வர வேண்டும். இங்கேதான் ரிவர்ட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களும் தடுமாறுகிறார்கள். எழுதியவர் தன் பழைய பிராஞ்சைத் திறந்து, ரசீதுத் திரைக்கான திருத்தத்தை ஒரு கமிட்டாகச் சேர்த்து, `main`-ஐ அதில் மெர்ஜ் செய்தால், அவருடைய மில்லிகிராம் மாற்றங்கள் எல்லாம் பிராஞ்சிலிருந்தே மறைந்துவிடும்.

கிட்டின் கணக்கில் அந்தப் பழைய கமிட்கள் ஏற்கெனவே `main`-இல் உள்ளவை. ரிவர்ட் அவற்றின் விளைவை நீக்கியதே தவிர வரலாற்றை நீக்கவில்லை. `main`-ஐ இழுக்கும்போது, பொதுவான முன்னோர் அவருடைய பழைய நுனி. அதற்குப் பிறகு அந்த வரிகளில் `main` செய்த ஒரே மாற்றம் அவற்றை அழித்தது. ஆகவே அழிப்பே வெல்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் இதைப் பற்றி 2008-இல் எழுதிய விளக்கம் இன்றும் கிட்டின் ஆவணங்களோடு வருகிறது.

வழி, ரிவர்ட்டையே ரிவர்ட் செய்வது:

```
git switch -c milligram-2 origin/main
git revert e27b90d
```

`e27b90d` என்பது ரிவர்ட் கமிட். அது ஒரே பெற்றோர் கொண்ட சாதாரணக் கமிட். இங்கே `-m` தேவையில்லை. புதிய கிட் பதிப்புகள் இதற்கு `Reapply` என்று தலைப்பு வைக்கும். அதற்கு மேல் தனிக் கமிட்டாக, ரசீதுத் திரை கிராமை மில்லிகிராமாக மாற்றிக் கொடுக்கும் திருத்தம். இப்படிப் பிரித்து வைத்தால் ரிவ்யூ செய்பவர் புதிதாக வந்த அந்த ஒரு கமிட்டை மட்டும் கவனமாகப் பார்த்தால் போதும்.

அறிக்கை

ஏற்காட்டில் இருந்தவரும் சேர்ந்து மறுநாள் அறிக்கையை எழுதினார்கள். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பத்தி நிகழ்வு தெரியாதவருக்கும் புரிய வேண்டும்:

> வியாழன் 3:40 முதல் 4:18 வரை, 38 நிமிடம், `main` உடைந்திருந்தது. சோதனைச் சர்வரில் 3:44 முதல் 4:06 வரை வரவு ரசீது அச்சாகவில்லை. 4:06 முதல் 4:22 வரை சர்வர் நிறுத்தப்பட்டிருந்தது. தவறான எடையோடு எந்த ரசீதும் வெளியே போகவில்லை.

கடைசி வாக்கியத்தை உறுதி செய்த பிறகே எழுத வேண்டும். இங்கே சர்வர் பதிவுகளில் அந்த 22 நிமிடத்து ரசீது முயற்சிகள் எல்லாம் பிழையில் முடிந்திருந்ததைப் பார்த்தார்கள். சரிபார்க்காத ஆறுதலை அறிக்கையில் போட்டால், பின்னால் ஒரு ரசீது தப்பாகக் கிடைக்கும்போது அறிக்கை முழுவதும் நம்பிக்கை இழக்கும்.

அடுத்து நேர வரிசை. மெர்ஜ், சர்வருக்குப் போனது, சிவப்பு தெரிந்தது, அறிவிப்பு, ரிவர்ட், பச்சை. நேரங்களை நினைவிலிருந்து எழுதாமல் கிட்ஹப்பிலிருந்தும் சர்வர் பதிவிலிருந்தும் எடுக்க வேண்டும். இரண்டும் உலக நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி கூட்டி இந்திய நேரமாக எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுத வேண்டும். கலந்து எழுதினால் காரணம் காரியத்துக்குப் பின்னால் வந்து நிற்கும்.

காரணப் பகுதியில்தான் மொழி சோதனைக்குள்ளாகிறது. முதல் வரைவில் “எழுதியவர் `main`-ஐ இழுத்துப் பார்க்கத் தவறினார்” என்று இருந்தது. அது நடந்ததுதான், ஆனால் அதைப் படித்து யாரும் எதையும் மாற்ற முடியாது. கடுமை தெரியக் கூடாதென்று “சமீபத்திய `main`-உடன் சரிபார்க்கப்படவில்லை” என்று மாற்றினார்கள். இது இன்னும் மோசம். யார் அல்லது எது சரிபார்த்திருக்க வேண்டும் என்பதே காணாமல் போகிறது. மூன்றாவது வரைவு நின்றது:

> #212-இன் டெஸ்ட் செவ்வாய்க்கிழமை `main`-உடன் ஓடியது. வியாழன் 3:10-க்கு #215 சேர்ந்த பிறகு அது மறுபடி ஓடவில்லை. மறுபடி ஓடாமலேயே மெர்ஜ் செய்ய எங்கள் பிராஞ்ச் விதி அனுமதிக்கிறது.

மூன்றாவது வாக்கியத்தின் எழுவாய் விதி. விதியை மாற்றலாம். ஆளின் பெயர் அறிக்கையில் எங்கும் தேவைப்படவில்லை. புல் ரிக்வெஸ்ட் எண்ணே போதும்.

இரண்டாவது காரணமும் தனியாக எழுதப்பட்டது: டெஸ்ட்டுக்குக் காத்திராமல் சர்வருக்குப் போனது. இது `main` உடைந்ததற்குக் காரணம் இல்லை. உடைப்பு டேட்டாபேஸ் வரை போனதற்குக் காரணம். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதும் தீர்ந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

ஒரு வரித் திருத்தத்தை ஏன் தவிர்த்தார்கள் என்பதையும் 500 கிராம் கணக்கோடு எழுதினார்கள். அடுத்த முறை அதே சபலம் வரும்போது எடுத்துக்காட்ட அது உதவும். சரியாக அமைந்ததையும் எழுத வேண்டும், ஆனால் பாராட்டாக அல்ல, காரணத்தோடு: ஃபங்ஷன் பெயரில் `_mg` என்று அலகைச் சேர்த்துப் பழைய பெயரை நீக்கியதால்தான் பிழை உடனே வெளிப்பட்டது. பழைய பெயரையே வைத்து அலகை மட்டும் மாற்றியிருந்தால் எல்லாம் பச்சையாக இருந்து, ரசீது ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டியிருக்கும்.

செயல்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரும் தேதியும். கிட்ஹப்பின் பிராஞ்ச் பாதுகாப்பில் `Require branches to be up to date before merging` என்பதை இயக்குவது முதலாவது. மெர்ஜ் கியூ இதையே தானாகச் செய்யும், ஆனால் தனியார் ரெப்பாசிட்டரிக்கு அது எண்டர்பிரைஸ் கிளவுட் திட்டத்தில்தான் கிடைக்கும். எட்டு நிமிட டெஸ்ட்டும் நாளுக்கு மூன்று நான்கு மெர்ஜும் உள்ள ஐந்து பேர் குழுவுக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம். இரண்டாவது, சர்வருக்கு அனுப்பும் வேலையை டெஸ்ட் வேலை இருக்கும் அதே வொர்க்ஃப்ளோவுக்கு நகர்த்தி அதில் `needs: test` சேர்ப்பது. வெவ்வேறு வொர்க்ஃப்ளோக்களுக்கு இடையே `needs` செல்லாது. மூன்றாவது, ரசீது டெஸ்ட்டில் 70 டச், 500 கிராம், விடை 350 கிராம் என்று எண்ணையே சரிபார்ப்பது.

நான்காவது, #212-ஐத் திரும்ப ஏற்றும் முறை. பழைய நெடுவரிசையைத் தொடாமல், காலியாக இருக்க அனுமதித்து `weight_mg` என்று புதியதைச் சேர்த்து நிரப்பி, புதிய வரவுகளை இரண்டிலும் எழுதத் தொடங்குவது ஒரு புல் ரிக்வெஸ்ட். இரண்டிலும் எழுதிக்கொண்டே குறிமுறை அதைப் படிக்க மாறுவது அடுத்தது. ரிவர்ட்டை ரிவர்ட் செய்வது இதில்தான் வரும், அதோடு திரும்பி வரும் பழைய `0031` கோப்பை மட்டும் எடுத்துவிட வேண்டும். பழையதை நீக்குவது ஒரு வாரம் கழித்து. நடுவில் எதை ரிவர்ட் செய்தாலும் டேட்டாபேஸைப் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்காது. “மெர்ஜ் செய்யும்போது இனி அனைவரும் கவனமாக இருக்க வேண்டும்” என்று ஐந்தாவதாக இருந்த வரியை அடித்துவிட்டார்கள். அதற்குப் பொறுப்பாளரும் இல்லை, முடிந்ததா என்று பார்க்க வழியும் இல்லை.

அறிக்கையின் அடியில் ரிவர்ட் கமிட்டின் எண்ணும், பழைய பிராஞ்சிலிருந்து தொடராமல் `git revert e27b90d`-இலிருந்து தொடங்க வேண்டும் என்ற ஒரு வரியும் இருக்கிறது.